அக்கா அனுப்பிய பத்து லட்சத்தில் எவ்வளவு நாட்டு உற்பத்தி?

கேள்வி: "ரொறன்ரோவில இருக்கிற அக்கா பத்து லட்சம் அனுப்பினவா. அதில ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினம், வீட்டில ஒரு அறை கட்டினம், மிச்சத்தைப் பருத்தித்துறையில இருக்கிற மாமிக்குக் குடுத்தம். இதில ஒண்டுமே மொத்த உள்நாட்டு உற்பத்தியில வராது எண்டு ஒருத்தர் சொல்றார். எல்லாமே வரும் எண்டு இன்னொருத்தர். நான் உயர்தரத்தில பொருளியல் படிக்கிறன். செலவு முறையில எது சேரும், வருமான முறையில எது சேரும்? சும்மா குடுக்கிற காசும் பழைய சாமான் விக்கிற காசும் ஏன் சேராது?"

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. நீங்கள் தொகைகளைத் தரவில்லை, அதனால் நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் உங்கள் பத்து லட்சம் கைமாறி முடியும்போது இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 460,000 ரூபா ஏறும். மிச்சம் ஏறாது. செலவுப் பக்கம் இருந்து கூட்டினாலும் வருமானப் பக்கம் இருந்து கூட்டினாலும் அதே 460,000தான் வரும். அது ஏன் என்று விளங்கினால் உங்கள் கேள்வி முழுவதற்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி அளப்பது உற்பத்தியை. இந்த நாட்டு எல்லைக்குள், இந்தக் காலப்பகுதிக்குள், புதிதாக என்ன செய்யப்பட்டது, அதன் பெறுமதி எவ்வளவு என்பதுதான் கேள்வி. காசு எத்தனை கை மாறியது என்பதோ, யாரிடம் எவ்வளவு சேர்ந்தது என்பதோ இந்தக் கணக்கின் கேள்வியே இல்லை. செலவு முறை அந்த உற்பத்தியை வாங்கியவர்கள் பக்கம் நின்று எண்ணுகிறது. வருமான முறை அதே உற்பத்தியைச் செய்து சம்பாதித்தவர்கள் பக்கம் நின்று எண்ணுகிறது. வாங்கியவர் கொடுத்ததுதான் செய்தவருக்குக் கிடைத்தது, அதனால் இரண்டும் சமன். ஒரு தொகையை ஒரு பக்கத்தில் எழுதுகிறீர்கள், மறுபக்கத்தில் அதற்கு ஈடான உழைப்போ உற்பத்தியோ கிடைக்கவில்லை என்றால், அந்தத் தொகை அங்கே இருக்கக் கூடாத ஒன்று. இதுதான் சோதனை.

இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளுக்கு 350,000 கொடுத்தீர்கள் என்று வைப்போம். பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கடையில் வாங்கினீர்கள். அந்தக் கடைக்காரர் அதை முந்திய உரிமையாளரிடம் 320,000க்கு எடுத்திருந்தார். அறை கட்டுவதற்கு ஒப்பந்தக்காரருக்கு 550,000. மாமிக்கு 100,000. மொத்தம் பத்து லட்சம்.

அறைதான் இதில் பெரிய பகுதி, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் 550,000இல் 300,000க்குச் சாமான் வாங்கினார்: சீமெந்து, கம்பி, மணல், சீமெந்துக் கல், தரை ஓடு. மேசனுக்கும் கையாட்களுக்கும் கூலி 170,000. அவருடைய கையில் மிஞ்சியது 80,000. அந்த 300,000 ரூபா சாமானில், வெளிநாட்டில் இருந்து வந்தவற்றின் இறக்குமதி விலை 120,000. மற்ற 180,000 இலங்கைக்குள் உருவானது. கல் அரிகிற இடத்தில் வேலை செய்தவர்கள், மணல் ஏற்றிய லொறிக்காரர், ஹாட்வெயார் கடை ஊழியர் ஆகியோரின் சம்பளம் 100,000, அந்தத் தொழில்களின் முதலாளிகளுக்குக் கிடைத்தது 60,000, வரி 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

செலவு முறையின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்:

Y = C + I + G + (X − M)

இதில் C நுகர்வு, I முதலீடு, G அரச நுகர்வு, X ஏற்றுமதி, M இறக்குமதி. புதிய அறை ஒரு மூலதனப் பொருள். வீடு கட்டுவதும் வீட்டைப் பெரிதாக்குவதும் குடும்பம் செய்தாலும் நுகர்வில் வராது, முதலீட்டில்தான் வரும். எனவே I இல் 550,000. அதற்குள் வெளிநாட்டில் செய்த 120,000 ரூபாச் சாமான் ஒளிந்திருக்கிறது, அதை M இல் கழிக்கிறோம். மிச்சம் 430,000. மோட்டார் சைக்கிளில் கடைக்காரரின் இலாப இடைவெளியான 30,000 மட்டும் C இல் சேரும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். மாமிக்குக் கொடுத்தது சூத்திரத்தின் எந்த எழுத்திலும் இல்லை. கூட்டினால் 460,000.

இப்போது மறுபக்கம். ஊழியர்களுக்குப் போனது: மேசனும் கையாட்களும் 170,000, சாமான் செய்தவர்களும் விற்றவர்களும் 100,000, வண்டிக் கடையில் நிற்கிற பெடியனுக்கு அந்த 30,000இல் இருந்து 10,000. சேர்த்து 280,000. தொழில் நடத்துபவர்களுக்குப் போனது: ஒப்பந்தக்காரர் 80,000, சாமான் பக்கத்து முதலாளிகள் 60,000, வண்டிக் கடைக்காரர் 20,000. சேர்த்து 160,000. வரி 20,000. மொத்தம் 460,000.

இரண்டு பக்கமும் பொருந்தியதைக் கவனியுங்கள். நான் இலகுவான எண்களைப் போட்டதால் வந்த பொருத்தம் இல்லை இது. எந்த எண்ணைப் போட்டாலும், உற்பத்தியை மட்டும் எண்ணும்வரை இரண்டும் பொருந்தும்.

வருமானப் பக்கத்தில் அக்காவின் பத்து லட்சத்தையும் "எங்கள் வீட்டு வருமானம்" என்று சேர்த்துப் பாருங்கள். அது உடனே 1,460,000 ஆகிவிடும். செலவுப் பக்கம் 460,000இலேயே நிற்கும், ஏனென்றால் இலங்கையில் யாரும் அந்தப் பத்து லட்சத்துக்கு எதையும் செய்து விற்கவில்லை. மாமிக்குக் கொடுத்த ஒரு லட்சத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதினாலும் இதே கோளாறு மறுபக்கமாக வரும். உங்கள் அப்பா மாமிக்குக் கொடுத்தார், மாமி அதைத் தன் மகளுக்குக் கொடுத்தார், மகள் தங்கச்சிக்குக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமாறிய தொகை மூன்று லட்சம். செய்யப்பட்டது ஒன்றுமில்லை. கிணற்றில் இருந்து தண்ணீர் அள்ளுவது ஒன்று, அள்ளிய தண்ணீரைக் குடத்துக்குக் குடம் மாற்றுவது இன்னொன்று. உற்பத்தி எவ்வளவு என்று கேட்டால் அள்ளியதைத்தான் அளக்க வேண்டும்.

இப்படிப் பதிலுக்கு எந்தப் பொருளோ சேவையோ பெறாமல் கொடுக்கும் காசைத்தான் மாற்றல் கொடுப்பனவு என்கிறோம். இங்கே தீர்மானிப்பது காசோ ஆட்களோ இல்லை, பதிலுக்கு ஏதாவது செய்யப்பட்டதா என்பதுதான். அதே மாமிக்கு உதவியாக ஒரு பெண்ணை வைத்து, சமைத்து வீடு பார்க்க மாதச் சம்பளம் கொடுத்திருந்தீர்கள் என்றால், அந்தச் சம்பளம் நுகர்வுச் செலவிலும் ஊழியர் ஊதியத்திலும் சேரும். அங்கே ஒரு சேவை செய்யப்பட்டு விற்கப்படுகிறது.

அக்காவின் உழைப்பு எங்கே போனது என்று கேட்பீர்கள். அது கணக்கில் இருந்து தப்பவில்லை. அவர் வேலை செய்தது கனடாவில், அவருடைய சம்பளம் கனடாவின் உள்நாட்டு உற்பத்தியில் ஊழியர் ஊதியமாக ஏற்கெனவே ஏறிவிட்டது. நாங்களும் அதைச் சேர்த்தால் ஒரே உழைப்பை இரண்டு நாடுகள் எண்ணியதாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு இது மனதுக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயம்தான். எத்தனையோ வீடுகள் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் காசில்தான் ஓடுகின்றன. அந்தக் காசைப் புள்ளிவிபரக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லையா? கண்டுகொள்கிறார்கள், வேறு ஏட்டில். இலங்கை மத்திய வங்கி சென்மதி நிலுவையில் இதை இரண்டாந்தர வருமானத்தின் கீழ் எழுதுகிறது. தொழிலாளர் பணவனுப்பல் என்று செய்தியில் வருவது அதுதான்: 2022இல் ஏறத்தாழ 3.8 பில்லியன் டொலர், 2024இல் ஏறத்தாழ 6.6 பில்லியன். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது இல்லை. மொத்தத் தேசிய வருமானத்திலும் இது இல்லை என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். தேசிய வருமானத்துக்குப் போகும்போது கூட்டுவது, எங்கள் நாட்டில் வசிப்பவர்கள் வெளியில் சம்பாதித்த ஊதியம், வட்டி, பங்கிலாபம் போன்றவற்றை. ஒருவர் ஒரு வருடத்துக்குக் குறைவான வேலைக்குப் போய்த் திரும்பினால் அவர் இலங்கை வாசிதான், அவருடைய சம்பளம் அங்கே சேரும். உங்கள் அக்கா கனடாவில் வசிப்பவர், அவர் அனுப்புவது அன்பளிப்பு. அது சேர்கிற இடம் அதற்கும் அடுத்த படி, அதாவது நாட்டின் செலவிடத்தக்க வருமானம். எங்களால் எவ்வளவு செலவழிக்கவும் சேமிக்கவும் முடியும் என்று கேட்டால் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எவ்வளவு உற்பத்தி செய்தோம் என்று கேட்டால் பார்க்கக் கூடாது. கேள்வி வேறு, எண்ணும் வேறு.

அனுப்பிய காசு உற்பத்தியில் ஏறுவது, அது செலவாகும்போதுதான். அதுவும் எதில் செலவாகிறது என்பதைப் பொறுத்தது. அறை கட்டியதில் 550,000க்கு 430,000 இங்கே தங்கியது. அதே 550,000க்கு வெளிநாட்டில் செய்த தொலைபேசியும் தொலைக்காட்சியும் வாங்கியிருந்தால் C இல் 550,000 ஏறியிருக்கும், M இல் அதில் பெரும்பகுதி இறங்கியிருக்கும், மிஞ்சுவது கடைக்காரர், லொறிக்காரர் பங்கும் வரியும் மட்டுமே. சீமெந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறை ஆலை 1990இல் நின்றுபோகும் வரைக்கும், இங்கத்தைச் சுண்ணக்கல்லில் இங்கத்தைத் தொழிலாளர் செய்த சீமெந்தில் யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட முடிந்தது. அந்தக் காலத்தில் இதே அறையின் விலையில் உள்நாட்டுப் பங்கு இன்னும் கூடவாக இருந்திருக்கும்.

அரசாங்கம் கொடுக்கும் காசிலும் இதே சோதனைதான். கொக்குவிலில் ஒரு வீட்டில் அம்மா ஆசிரியை, அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு பேருக்கும் திறைசேரிதான் காசு தருகிறது, இரண்டும் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அம்மாவின் சம்பளம் முழுக்க G இல் சேரும். அரச பள்ளிக்கூடம் பாடத்தை விலைக்கு விற்பதில்லை, சந்தை விலை இல்லாததால் அந்தச் சேவையின் பெறுமதியை அதற்கான செலவை வைத்தே அளக்கிறார்கள், அதில் ஆசிரியர் சம்பளம்தான் பெரிய பங்கு. அப்பாவின் ஓய்வூதியம் சேராது. அவர் உழைத்தது உண்மை, ஆனால் அந்த உழைப்பு அவர் படிப்பித்த வருடங்களின் கணக்கில் ஏறிவிட்டது. இந்த மாதம் அவர் பாடம் எடுக்கவில்லை. இதை அவருடைய பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எடுக்கக் கூடாது.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு 2023இல் இருந்து கொடுக்கும் அஸ்வெசும உதவிக் காசும் அப்படித்தான். ஒரு குடும்பத்துக்கு 10,000 கிடைத்து, அவர்கள் அதைத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிக்கும் அரிசிக்கும் செலவழித்தால், அந்த 10,000 C இல் ஏறும். கொடுத்தபோது G இலும் எழுதியிருந்தால் ஒரே மரக்கறியை இரண்டு முறை எண்ணியிருப்போம். வருமானப் பக்கத்திலும் இதே இரட்டிப்பு நடக்கும். அந்தக் காசு வரியாக வந்தது, வரி கட்டியவரின் சம்பளம் வரி கழிக்க முன்னரே முழுத் தொகையாக எண்ணப்பட்டுவிட்டது.

பரீட்சையிலும் செய்தியிலும் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று இங்கே இருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தில் "அரசின் மொத்தச் செலவு" என்று ஒரு எண் வரும். அதைத் தூக்கி அப்படியே G இல் போட்டுவிடுவார்கள். அந்த மொத்தத்துக்குள் ஓய்வூதியம், அஸ்வெசும, மானியம், கடன் வட்டி எல்லாம் இருக்கின்றன. இலங்கையில் வட்டி மட்டுமே மிகப் பெரிய பகுதி. இவை ஒன்றும் G இல்லை. வீதி, பாலம் கட்டிய செலவு உற்பத்திதான், ஆனால் அது முதலீட்டில் வரும். G என்பது அரசு நடப்பில் செய்து தரும் சேவைகளின் செலவு: சம்பளம், அதற்காக வாங்கும் பொருட்களும் சேவைகளும், பாவிக்கும் கட்டிடங்களினதும் கருவிகளினதும் தேய்மானமும்.

அப்புறம், பழைய சாமான். உங்கள் மோட்டார் சைக்கிள் புதிதாக விற்கப்பட்ட வருடத்தில் அது நுகர்வாக எழுதப்பட்டது, இந்தியாவில் இருந்து வந்த பெறுமதி இறக்குமதியாகக் கழிக்கப்பட்டது, இங்கத்தைய முகவரின் பங்கு உற்பத்தியாக நின்றது. அந்தக் கதை அப்போதே முடிந்துவிட்டது. இப்போது நீங்கள் வாங்கியதால் நாட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கூடவில்லை. முந்திய உரிமையாளரின் வளவில் நின்றது உங்கள் வளவுக்கு வந்திருக்கிறது, உங்களிடம் இருந்த காசு அவரிடம் போயிருக்கிறது.

கணக்கில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது அழகானது. பழைய பொருள் விற்பனையை "பார்க்காமல் விடுவது" இல்லை. வாங்கியவர் பக்கத்தில் +350,000, விற்றவர் பக்கத்தில் −320,000. இரண்டு பேருமே குடும்பங்கள் என்பதால் இரண்டும் C இலேயே விழுந்து, தேறியதாக 30,000 நிற்கிறது. அதுதான் கடைக்காரர் செய்த வேலையின் விலை. வண்டியைத் தேடிப் பிடித்து, சரிபார்த்து, கழுவி, கடையில் நிறுத்தி, ஆளைப் பொருத்திவிடுவது இந்த வருடத்தில் இங்கே செய்யப்பட்ட சேவை. தரகர் மூலம் வாங்கியிருந்தால் தரகுக் காசு அதே மாதிரிச் சேரும். கடையும் தரகரும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராக வாங்கியிருந்தால் கூட்டலும் கழித்தலும் சரியாக மடிந்து ஒன்றும் மிஞ்சாது. ஒரு கம்பனி தன்னுடைய பழைய வானை ஒரு குடும்பத்துக்கு விற்றால் I இல் குறைந்து C இல் கூடும், மொத்தம் மாறாது. வாங்கிய பிறகு வண்டியைத் திருத்தக் கொடுத்தால் மெக்கானிக்கின் கூலி புதிய உற்பத்தி. அவர் போட்ட வெளிநாட்டு உதிரிப்பாகத்தின் விலை மட்டும் இறக்குமதியில் கழியும்.

விலை ஏறினால் என்ன? இதற்கு எங்கள் நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் வழி விட்டார்கள். இடையில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2018இல் 35 லட்சத்துக்கு எடுத்த காரை ஒருவர் 2022இல் 70 லட்சத்துக்கு விற்றார் என்று வைப்போம். அவருக்கு அது உண்மையான ஆதாயம், கையில் காசு இருக்கிறது. ஆனாலும் செலவு முறையிலும் சேராது, வருமான முறையிலும் சேராது. கார் கூடவில்லை, நாலு வருடம் பழசாகியும் இருக்கிறது. கூடியது விலை மட்டும். இதைப் பிடித்து வைத்திருந்ததால் வந்த ஆதாயம் என்று தனியாக வைக்கிறார்கள். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்தில், கைமாறிய பழைய கார்களின் முழு விலையையும் உற்பத்தி என்று கூட்டியிருந்தால் வாகனத் துறை அமோகமாக இருந்ததாக எண் காட்டியிருக்கும். அப்படியொரு எண் யாருக்கும் பிரயோசனப்படாது.

நடைமுறையில் இதில் ஒரு கஷ்டமான இடம் உண்டு. வாகன வியாபாரி ஒருவர் 40 லட்சத்துக்கு எடுத்த கார் யாட்டில் நின்றபடியே சந்தை விலை 55 லட்சமாகி, கடைசியில் 57க்குப் போகிறது. அவருடைய கணக்குப் புத்தகத்தில் இலாபம் 17 லட்சம். அதில் வியாபாரச் சேவையின் பெறுமதி 2 லட்சம்தான், 15 லட்சம் நின்ற இடத்தில் வந்த விலையேற்றம். வருமான முறையில் கம்பனிக் கணக்குகளில் இருந்து இலாபத்தை எடுக்கும்போது இந்தப் பகுதியைக் கழற்ற வேண்டும், கழற்றாவிட்டால் பணவீக்கம் கூடிய வருடங்களில் வருமானப் பக்கம் ஊதிவிடும். வெளியான கணக்குகளில் இரண்டு முறைகளுக்கும் இடையே வித்தியாசம் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஜப்பானில் ஓடிய பழைய வாகனம் இங்கே இறக்குமதியாகும்போது பலர் குழம்புகிறார்கள். பழையதுதானே, விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். எங்கள் நாட்டுக்கு அது புதிது, அதனால் வாங்குபவரின் முழு விலையும் C இலோ I இலோ ஏறும். வந்து இறங்கிய விலை M இல் கழியும். துறைமுக வேலை, இறக்குமதியாளரின் பங்கு, சுங்க வரி எல்லாம் மிஞ்சி நிற்கும். ஜப்பான் பக்கத்தில் அது ஏற்றுமதியாகக் கூடி, பழைய பொருள் வெளியே போனதாக வேறொரு இடத்தில் குறையும்.

காணி விற்பனையும் இந்த வகைதான். நல்லூர்ப் பக்கம் ஒரு பரப்புக் காணி என்ன விலைக்குப் போனாலும் நிலத்தின் விலை சேராது, நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை. தரகர் கூலியும் உறுதி எழுதிய நொத்தாரிசின் கட்டணமும் சேரும். அடகு வைத்த நகைக்குக் கிடைத்த காசு, வங்கியில் போட்ட நிலையான வைப்பு, வாங்கிய பங்கு என்பவையும் சொத்து உருமாறுவது மட்டுமே.

வருமான முறை பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாடத்தில் கூலி, வாடகை, வட்டி, இலாபம் என்று நாலாகப் படிப்பீர்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் அட்டவணையில் வேறு மாதிரி இருக்கும்: ஊழியர் ஊதியம், தொழிற்பாட்டு மிகை, கலப்பு வருமானம், பிறகு உற்பத்தி மீதான வரிகளில் இருந்து மானியத்தைக் கழித்த தொகை. கலப்பு வருமானம் எதற்கென்றால், உரும்பிராயில் சொந்தத் தோட்டத்தில் வெங்காயம் செய்பவரின் வருமானத்தில் எது அவருடைய கூலி, எது இலாபம் என்று பிரிக்க முடியாது. நான் மேலே ஒப்பந்தக்காரருக்குப் போட்ட 80,000உம் இந்த வகை.

இதில் வட்டி எங்கே? தொழிற்பாட்டு மிகைக்குள் இருக்கிறது. ஹாட்வெயார் முதலாளி வங்கிக்குக் கட்டும் வட்டி, அவருடைய தொழில் உழைத்த மிகையில் இருந்துதான் போகிறது. மிகையை முழுதாக எழுதிவிட்டு வட்டியையும் தனியாகக் கூட்டினால் இரட்டிப்பு. பங்கிலாபத்துக்கும் இதே கதை. மிகை என்பது உற்பத்தியில் கிடைத்தது, வட்டியும் பங்கிலாபமும் அதை யார் யார் பிரித்து எடுத்தார்கள் என்பது.

காசு கைமாறாமலே சேர்கிறவையும் உண்டு. சொந்த வீட்டில் இருப்பவர், வாடகைக்கு விட்டால் என்ன வருமோ அந்தத் தொகை C இலும் தொழிற்பாட்டு மிகையிலும் மதிப்பிட்டு எழுதப்படும். தோட்டக்காரர் தன் வீட்டுச் சமையலுக்கு எடுத்த வெங்காயமும் எழுதப்படும். காசு வந்தும் சேராத அன்பளிப்பு ஒரு பக்கம், காசே வராமல் சேரும் வெங்காயம் மறுபக்கம். இரண்டையும் தீர்மானிப்பது உற்பத்தி நடந்ததா என்பதுதான். அம்மா வீட்டில் சமைப்பது உற்பத்தி என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சம்பளமில்லாத வீட்டு வேலையைச் சர்வதேசக் கணக்கு முறை வெளியே விட்டிருக்கிறது. அளப்பது கஷ்டம் என்பது விளங்குகிறது, ஆனாலும் இந்த ஓர் எல்லைக்கோடு எனக்கு ஒப்பவில்லை.

கடைசியாக, வினாத்தாளில் வரும் ஒரு சுற்றுக் கேள்வி. கல் அரிகிற ஒருவர் டிசம்பரில் செய்த கல்லை ஜனவரியில் விற்கிறார். பாவிக்காத புதுக் கல், ஆகவே ஜனவரி வருடத்தில் சேரும் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். கல் செய்தது டிசம்பர், அந்த வருடத்திலேயே இருப்புக் கூடியதாக I இல் ஏறிவிட்டது. ஜனவரியில் வீடு கட்டுபவர் வாங்கும்போது நிலையான மூலதனம் கூடும், இருப்பு அதே அளவு குறையும், இரண்டும் I இற்குள்ளேயே மடிந்துவிடும். ஜனவரிக்குப் புதிதாகச் சேர்வது, கல்லை ஏற்றிக்கொண்டு வந்த ரக்ரர்காரரின் கூலி.